காலியான மைல் கணக்கு: கோலாலம்பூரில் ஒரு மீட்புக் கோரிக்கையின் நிகழ்வு ஆய்வு

செந்தூலில் குடியிருக்கும் ஒரு மருத்துவக் கருவி விற்பனைப் பொறியாளரின் விமான மைல் கணக்கில் ஒரு வியாழக்கிழமை இரவு 212,400 மைல்கள் இருந்தன. மறுநாள் விடிவதற்குள் அவற்றில் 4,400 மட்டுமே எஞ்சின. வேலை நிமித்தம் சென்னைக்கும் ஜகார்த்தாவுக்கும் பல ஆண்டுகள் பறந்தும், கடன் அட்டைப் புள்ளிகளை மைல்களாக மாற்றியும் அவர் சேர்த்து வைத்தவை அவை. ஜாலான் மஸ்ஜித் இந்தியா பகுதியில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் தொழில் செய்யும் நான், என் வாடிக்கையாளரான அவருக்காக இந்தக் கோரிக்கையின் கடிதங்களை எழுத உதவினேன். அவருடைய இசைவோடு, அவரையோ விமான நிறுவனத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

மைல்களை இழந்தவர்கள் பெரும்பாலும் "என் மைல்களைத் திருடிவிட்டார்கள், திருப்பிக் கொடுங்கள்" என்று ஒரே கோரிக்கையாக எழுதி, ஒரே பதிலாக மறுப்பைப் பெறுகிறார்கள். திருடப்பட்ட மைல்கள் எந்த வடிவத்துக்கு மாறின, அந்த வடிவம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவை திரும்பும் வாய்ப்பு மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்த நிகழ்வில் எங்களுக்குக் கைகொடுத்தது.

அந்த இரவில் நடந்தது

வெள்ளிக்கிழமை அதிகாலை 1.40 மணி அளவில் அவருடைய மின்னஞ்சல் பெட்டியில், அவர் ஒருபோதும் கேட்டிராத இணையக் கடைகள், செய்திமடல்கள், விவாதக் குழுக்கள் ஆகியவற்றிலிருந்து "பதிவு செய்ததற்கு நன்றி" என்ற அஞ்சல்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழத் தொடங்கின. வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் அதை வெறும் தொல்லை என்றே நினைத்தார். உண்மையில் அது திருட்டின் ஒரு பகுதி. கணக்கில் மாற்றம் நடக்கும்போது நிறுவனம் அனுப்பும் அறிவிப்பு உரியவரின் கண்ணில் படாமல் போவதற்காகவே இப்படிக் குப்பை அஞ்சல்களைக் கொட்டுகிறார்கள். ஒரே இரவில் காரணமின்றி இப்படி அஞ்சல் பெருகினால், அவற்றை நீக்கத் தொடங்குவதற்கு முன், வங்கியின் பெயரையும் விமான நிறுவனத்தின் பெயரையும் அஞ்சல் பெட்டியின் தேடல் கட்டத்தில் தட்டித் தேடிப் பார்ப்பது நல்லது.

அப்படித் தேடியபோதுதான் அந்தக் குவியலுக்குள்ளிருந்து நிறுவனத்தின் அஞ்சல்கள் வெளிவந்தன. 1.52 மணிக்குக் கணக்கின் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டதாகப் பழைய முகவரிக்கு ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் புதிய முகவரிக்கே அறிவிக்கப்பட்டதால் அவற்றைப் பின்னர்தான் அறிந்தோம். 2.05 மணிக்கு, அவருடைய மைல்களைக் கொண்டு டிக்கெட் எடுத்துத் தரத் தகுதியுடையோர் பட்டியலில் அறிமுகமில்லாத மூன்று பெயர்கள் சேர்க்கப்பட்டன. 2.20 மணிக்கு அவர்களில் இருவருக்கு ஐரோப்பிய நகரம் ஒன்றிலிருந்து அன்றிரவே புறப்படும் கூட்டாளி நிறுவன விமானத்தில் 96,000 மைல்களுக்கும், மூன்றாமவருக்குத் திங்கட்கிழமை புறப்படும் விமானத்தில் 64,000 மைல்களுக்கும் டிக்கெட் எடுக்கப்பட்டது. 2.31 மணிக்கு மேலும் 48,000 மைல்கள் பரிசு வவுச்சர்களாக மாற்றப்பட்டன. அஞ்சல்கள் கொட்டத் தொடங்கியதிலிருந்து எல்லாம் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

திருடியவர் கடவுச்சொல்லை எப்படிப் பெற்றார் என்று உறுதியாகக் கூற முடியவில்லை. ஆனால் என் வாடிக்கையாளர் ஒரு விடுதி முன்பதிவுத் தளத்தில் வைத்திருந்த அதே கடவுச்சொல்லையே இங்கும் வைத்திருந்தார். ஓரிடத்தில் கசிந்த கடவுச்சொற்களைத் தானியங்கி நிரல்களைக் கொண்டு வேறு தளங்களில் போட்டுப் பார்ப்பது பழைய முறைதான். 2015 மார்ச் மாதத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் உறுப்பினர்களில் பல்லாயிரம் பேரின் மைல் கணக்குகளை முடக்கி வைத்ததற்கு, வேறிடத்தில் கிடைத்த விவரங்களைக் கொண்டு யாரோ நுழைய முயன்றதே காரணம். கடவுச்சொல் கசியாதபோதும் ஆபத்து உண்டு. மலேசியா ஏர்லைன்ஸ் தன் என்ரிச் மைல் திட்ட உறுப்பினர்களின் தரவு மூன்றாம் தரப்புத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் வழியே வெளிப்பட்டதாக 2021-இல் அறிவித்தபோது, கடவுச்சொற்கள் அதில் இல்லை என்று கூறியது. ஆனால் பெயர், பிறந்த தேதி, உறுப்பினர் எண் போன்றவை இருந்தன. தொலைபேசியில் அழைப்பவர் உண்மையான உறுப்பினர்தானா என்று சோதிக்கக் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இவற்றைப் பற்றியவையே.

சனிக்கிழமை காலை

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு சென்னை செல்ல டிக்கெட் பார்க்கலாம் என்று கணக்கைத் திறக்க முயன்றபோது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. கைப்பேசியில் இருந்த செயலி மட்டும் முன்பே திறந்த நிலையில் இருந்ததால், அதில் மீதி 4,400 என்று காட்டியது. உடனே எனக்கு அழைத்தார். அவர் முதலில் கேட்டது இதுதான்.

"தம்பி, திங்கட்கிழமை டிக்கெட் இன்னும் செயலியில தெரியுது. நானே ரத்து செஞ்சிடவா?"

"வேண்டாம் அண்ணே, நீங்க அதுல கை வைக்காதீங்க. மொதல்ல எல்லாத்தையும் படம் பிடிச்சு வைங்க."

இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. உறுப்பினரே ரத்து செய்தால் வழக்கமான ரத்துக் கட்டணம் மைல்களிலோ ரிங்கிட்டிலோ பிடிக்கப்படும். அதைவிட முக்கியமாக, அந்த முன்பதிவை அவரே கையாண்டதாக நிறுவனத்தின் பதிவில் ஏறிவிடும். பிறகு "இது என்னுடைய முன்பதிவு அல்ல" என்று எழுதும்போது அந்தப் பதிவே எதிராக நிற்கும். நிறுவனத்தின் மோசடித் தடுப்புப் பிரிவு ரத்து செய்தால் அது வேறு காரணக் குறியீட்டின் கீழ் பதிவாகிறது.

படம் பிடித்து வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நிறுவனத்திடம் தெரிவித்தவுடன் கணக்கைப் பூட்டுவார்கள். பூட்டியபின் உறுப்பினரால் எதையும் பார்க்க முடியாது. ஆகவே அழைப்பதற்கு முன் சில நிமிடங்கள் ஒதுக்கி, மைல் வரவு செலவுப் பக்கம், தகுதியுடையோர் பட்டியல், முன்பதிவுகளின் ஆறு எழுத்துக் குறியீடு, டிக்கெட் எண், மாற்றப்பட்ட மின்னஞ்சல் முகவரியில் தெரியும் பகுதி ஆகியவற்றைத் தேதியும் நேரமும் தெரியும்படி படமாக எடுத்து வைத்தார். டிக்கெட் எண் பதின்மூன்று இலக்கங்கள் கொண்டது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தின் எண். பறப்பது கூட்டாளி நிறுவனத்தின் விமானமாக இருந்தாலும், அந்த மூன்று இலக்கங்களுக்கு உரிய நிறுவனமே அதை ரத்து செய்யும் உரிமை உடையது. "அது எங்கள் விமானம் இல்லை, அவர்களிடம் கேளுங்கள்" என்று முதலில் பதில் வந்தபோது, இந்த எண்ணைக் காட்டியதும் பேச்சு மாறியது.

அழைப்பில் அவர் மூன்றே வேண்டுகோள்கள் வைத்தார். கணக்கைப் பூட்ட வேண்டும். திங்கட்கிழமை டிக்கெட்டை மோசடி ஐயத்தின் பேரில் உடனே நிறுத்த வேண்டும். செலவழிக்கப்படாத வவுச்சர்களைச் செல்லாதவையாக்க வேண்டும். அழைப்பை வைப்பதற்கு முன் புகார் எண்ணைக் கேட்டுப் பெற்று, அதே எண்ணைத் தலைப்பில் இட்டு, பேசியதை அப்படியே மின்னஞ்சலாகவும் அனுப்பினார். இங்கே அவசரத்துக்குக் காரணம் டிக்கெட்டின் உள்நிலை. ஒவ்வொரு பயணப் பகுதிக்கும் மின்னணு டிக்கெட்டில் ஒரு கூப்பன் இருக்கும். பயணி விமானத்துக்குப் பதிவு செய்யாத வரை அது திறந்த நிலையில் இருக்கும், பறந்தபின் பயன்படுத்தப்பட்டதாக மாறும். திறந்த நிலையில் உள்ள கூப்பனைத் திரும்பப் பெறுவதால் நிறுவனத்துக்குச் செலவு ஏதுமில்லை. பறந்துவிட்டால், கூட்டாளி நிறுவனத்துக்கு அந்த இருக்கைக்கான பணத்தைச் செலுத்தியாக வேண்டும். கடைசி நேரப் பயணங்களையே திருடர்கள் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம்.

திங்கட்கிழமை டிக்கெட் அன்று மாலையே நிறுத்தப்பட்டு, 64,000 மைல்கள் அந்த வாரத்திலேயே திரும்பி வந்தன. வவுச்சர்களில் பாதி செலவாகாமல் இருந்ததால் 24,000 மைல்களும் திரும்பின. மீதி நின்றது 120,000: வெள்ளி இரவே பறந்துபோன இருவருடைய 96,000 மைல்களும், செலவாகிவிட்ட வவுச்சர்களின் 24,000 மைல்களும்.

டிக்கெட்டில் பெயர் உள்ளவர்களைச் சமூக ஊடகத்தில் தேடி மிரட்டலாமா என்று அவருடைய மகன் கேட்டான். கூடாது என்று தடுத்தோம். மலிவு டிக்கெட் விற்பவர் என்று நம்பி யாரிடமோ பணம் கொடுத்து ஏமாந்தவர்களாகவும் அவர்கள் இருக்கலாம். அவர்களைத் தேடிப் போவது காவல்துறையின் வேலை.

மின்னஞ்சலும் காவல் புகாரும்

அடுத்ததாக மின்னஞ்சல் கணக்குக்குள்ளும் யாரேனும் நுழைந்தார்களா என்று பார்த்தோம். அதன் அமைப்புகளில் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடோ, விமான நிறுவனத்தின் அஞ்சலைக் குப்பைக்குத் தள்ளும் வடிகட்டியோ இல்லை. உள்நுழைவுப் பட்டியலில் அவருடைய கைப்பேசியும் மடிக்கணினியும் மட்டுமே இருந்தன. இந்தப் பக்கங்களையும் படமாக எடுத்து வைத்தோம். "உங்கள் மின்னஞ்சலே களவுபோயிருக்கலாம்" என்ற வாதத்துக்கு இவையே பின்னர் பதிலாயின. மின்னஞ்சலுக்குள்ளும் நுழைந்திருந்தால், முதலில் அதன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் மைல் கணக்குக்குப் புதிதாக வைக்கும் கடவுச்சொல்லும் அந்த வழியே போய்விடும்.

காவல் புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். அவர் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில் கொடுத்தார். முகப்பில் இருந்த அதிகாரி, வங்கியில் பணம் போகவில்லையே, இதில் இழப்பு என்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்காகவே, அந்த நிறுவனம் தன் உறுப்பினர்களுக்கு மைல்களை விற்கும் விலைப் பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தேன். அந்த விலையில் கணக்கிட்ட ரிங்கிட் தொகையைப் புகாரில் எழுதிக்கொண்டார்கள். புகாரில் இடம்பெற வேண்டியவை குறைவே: எந்தக் கணக்கு, எந்தத் தேதி, எந்த நேரம், எவ்வளவு மைல்கள், டிக்கெட் எண்கள், இவற்றுக்கு யாருக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்ற ஒரு வாக்கியம். அனுமதியின்றிக் கணினியில் நுழைவது 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், "மைல் காணாமற்போனது" என்று எழுதாமல் "என் கணக்கில் அனுமதியின்றி நுழைந்து பயன்படுத்தினர்" என்று எழுதுவது பொருத்தம்.

தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டுமா என்றும் கேட்டார். அந்த எண் வங்கிக் கணக்கிலிருந்தோ மின்பணப்பையிலிருந்தோ போன பணத்தை வழியில் நிறுத்துவதற்கானது. மைல்களை அதனால் நிறுத்த முடியாது. கணக்கில் சேமித்து வைத்திருந்த கடன் அட்டையில் பணம் பிடித்திருந்தால் மட்டும் உடனே வங்கியையும் அந்த எண்ணையும் அழைக்க வேண்டும். அவருடைய அட்டைகளில் எதுவும் பிடிக்கப்படவில்லை. இந்தச் சிறிய விவரம் பின்னர் மிகப் பெரிய ஆதாரமாக மாறியது.

மறுப்பும் பதிவுகளும்

ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் முதல் பதில் வந்தது. கடவுச்சொல்லைக் காப்பது உறுப்பினரின் பொறுப்பு, சரியான கடவுச்சொல்லைக் கொண்டே உள்நுழைவு நடந்திருக்கிறது, ஆகவே திட்ட விதிகளின்படி 120,000 மைல்களைத் திருப்பித் தர இயலாது என்று அதில் இருந்தது. இத்தகைய பதில் பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி வைத்த வாசகம்தான். அதைப் பெற்றவுடன் கோபமாக நீண்ட கடிதம் எழுதுவதில் பயன் இல்லை. நிறுவனத்தின் வாதம் முழுவதும் கடவுச்சொல் என்ற ஒரே இடத்தில் நிற்கிறது. கடவுச்சொல் பயன்பட்ட பிறகு நடந்தவை பற்றி அந்தக் கடிதம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வைக்க நிறுவனத்தின் பதிவுகள் தேவை.

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தரவைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. நகலோடு கேட்பதற்குக் கட்டணம் 10 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது, கோரிக்கை கிடைத்த 21 நாள்களுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். புகார்ப் பிரிவுக்கு அனுப்பாமல், நிறுவனத்தின் தனியுரிமை அறிவிப்பில் கொடுக்கப்பட்டிருந்த தரவு அதிகாரியின் முகவரிக்கே இந்தக் கோரிக்கையை அனுப்பினோம். வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பியிருந்தால் அதே மறுப்பு வாசகமே மீண்டும் வந்திருக்கும்.

கேட்டவை நான்கு. அந்த வெள்ளிக்கிழமை கணக்கில் நடந்த உள்நுழைவுகளின் நேரமும் நாடும்; மின்னஞ்சல் மாற்றமும் தகுதியுடையோர் சேர்ப்பும் எந்த வழியே, எந்த நேரத்தில் நடந்தன என்பது; அவற்றுக்கு ஓடிபி அனுப்பப்பட்டதா, அனுப்பப்பட்டிருந்தால் எந்த எண்ணுக்கு என்பது; டிக்கெட்டுகளின் வரியும் கட்டணமும் எந்த அட்டையில் செலுத்தப்பட்டன என்பது.

நான்காவது கேள்வியை எழுதும்போது கவனம் தேவைப்பட்டது. மைல்களைக் கொண்டு எடுக்கும் டிக்கெட்டுக்கும் விமான நிலைய வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைத் திருடியவர் தன் கையிலுள்ள ஏதோ ஓர் அட்டையில்தான் கட்டியிருப்பார், அதுவும் பெரும்பாலும் வேறு யாருடைய அட்டையாகவோ இருக்கும். ஆனால் அட்டையின் விவரத்தைக் கேட்டால், அது மற்றொருவரின் தரவு என்று சொல்லி நிறுவனம் மறுக்கலாம், சட்டமும் அதற்கு இடம் தருகிறது. ஆகவே கேள்வியை வேறு விதமாக எழுதினோம்: "வரி செலுத்தப்பட்ட அட்டை என் பெயரில் உள்ளதா, அல்லது இதற்கு முன் என் கணக்கில் எப்போதாவது பயன்பட்டதா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் தெரிவிக்கவும்." இதில் பிறருடைய தரவு எதுவும் வெளிப்படாது என்பதால் மறுக்கக் காரணம் இல்லை.

பதில் கெடுவுக்குள் வந்தது. உள்நுழைவு நடந்தது இந்நாட்டிலிருந்து அல்ல. மின்னஞ்சல் மாற்றத்துக்கு ஓடிபி கேட்கப்படவில்லை. கைப்பேசி எண்ணை மாற்றினால் மட்டுமே ஓடிபி கேட்கும் அமைப்பு அது. தகுதியுடையோர் பட்டியலில் பெயர் சேர்க்கவும் கேட்கப்படவில்லை. அட்டை பற்றிய கேள்விக்கு "இல்லை" என்று இருந்தது.

இரண்டாம் கடிதம்

இரண்டாம் கடிதத்தில் அவர் கடவுச்சொல்லைப் பற்றி மறைக்கவில்லை. அதற்கு முன் மோசடிப் பிரிவு தொலைபேசியில் கேட்டபோதே, வேறொரு தளத்திலும் அதே கடவுச்சொல்லை வைத்திருந்ததாக உண்மையைச் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்னதே சரி என்று நான் கருதுகிறேன். விசாரணையின்போது பொய் சொல்லி, அது பின்னர் தெரியவந்தால் கோரிக்கை முழுவதும் விழுந்துவிடும். அதே நேரத்தில், அங்கிருந்துதான் கசிந்தது என்று அவருக்கே தெரியாத ஒன்றை உறுதியாக எழுதவும் இல்லை.

கடிதத்தின் மையப் பகுதி ஏறத்தாழ இப்படி இருந்தது: "என் கடவுச்சொல்லைப் பிறர் அறிந்திருந்தாலும், ஓடிபி கேட்கப்பட்டிருந்தால் அது மட்டும் போதியதாக இருந்திருக்காது. உங்கள் பதிவின்படி வெளிநாட்டிலிருந்து உள்நுழைந்த ஒருவர் 1.52 மணிக்கு மின்னஞ்சலை மாற்றினார். பதின்மூன்று நிமிடங்களில், இந்தக் கணக்கில் ஒருபோதும் இல்லாத மூவரைச் சேர்த்தார். அடுத்த பதினைந்து நிமிடங்களில் அவர்களுக்கு, அதில் இருவருக்கு அன்றே புறப்படும் விமானத்தில், என்னுடையதல்லாத அட்டையில் வரி கட்டி டிக்கெட் எடுத்தார். என் குடும்பத்தார் அல்லாத எவருக்கும் நான் இதுவரை டிக்கெட் எடுத்ததில்லை, கூட்டாளி விமானத்துக்கோ வவுச்சருக்கோ மைல்களைச் செலவிட்டதும் இல்லை. இந்த மாற்றங்களில் ஒன்றுக்குக்கூட என் பதிவு பெற்ற கைப்பேசிக்கு ஓடிபி அனுப்பப்படவில்லை."

இதில் ஒவ்வொரு வாக்கியமும் நிறுவனத்தின் சொந்தப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. நிறுவனத்தைக் குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் இல்லை. படிப்பவர் தன் கணினியில் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய நேரங்களும் செயல்களும் மட்டுமே இருந்தன. மோசடிப் பிரிவில் இருப்பவர் மேலதிகாரியிடம் ஒப்புதல் கேட்கும்போது அப்படியே எடுத்து வைக்கக்கூடிய வடிவத்தில் கடிதம் அமைய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

முடிவில் கேட்டவையும் தனித்தனியே இருந்தன: பறந்த டிக்கெட்டுகளுக்கான 96,000 மைல்கள், செலவான வவுச்சர்களுக்கான 24,000 மைல்கள், விசாரணைக் காலத்தில் காலாவதியான மைல்களுக்கு நீட்டிப்பு, எழுத்துப்பூர்வமான பதிலுக்கு ஒரு தேதி. காலாவதியைப் பற்றி எழுத மறப்பவர்கள் அதிகம். மைல்கள் சேர்ந்த வரிசையிலேயே செலவாவதால் முதலில் போவது பழைய மைல்களே. அவற்றைப் பழைய காலாவதித் தேதியுடனேயே திரும்பச் சேர்த்தால், கணக்கில் ஏறிய மறுநாளே ஒரு பகுதி காலாவதியாகிவிடக்கூடும். இவருடைய மைல்களில் 18,000-க்கு அந்த நிலைதான் இருந்தது.

மறுப்பு தொடர்ந்தால் எங்கே செல்வது என்பதையும் ஒரே வரியில் எழுதினோம். மலேசியாவில் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை 5 ரிங்கிட் கட்டணத்தில் விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, காரணம் எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010-இல் சேர்க்கப்பட்ட பகுதி, நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றியது. "எது நடந்தாலும் உறுப்பினரே பொறுப்பு" என்ற விதியை அங்கே கேள்விக்கு உட்படுத்தலாம். ஆனால் தீர்ப்பாயத்தில் இழப்பை ரிங்கிட்டில் காட்ட வேண்டும். மைல்கள் உறுப்பினரின் சொத்து அல்ல என்று விதிகளில் எழுதி வைத்திருக்கும் நிறுவனம், அவற்றுக்குப் பண மதிப்பே இல்லை என்று வாதிடும். நிறுவனம் மைல்களை விற்கும் விலைப் பக்கம் இங்கேயும் தேவைப்படும். விமானப் பயணிகளின் புகார்களைக் கவனித்துவந்த மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பணிகள் 2025 ஆகஸ்ட் 1 முதல் மலேசிய பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைந்துள்ளன. ஆனால் அதன் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு முதன்மையாகத் தாமதம், ரத்து, பணத்தைத் திரும்பப் பெறுதல் போன்றவற்றைப் பற்றியது. ஆகவே மைல் கணக்குச் சர்ச்சையில் அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

கிடைத்ததும் கிடைத்தபின் செய்ததும்

திருட்டு நடந்து ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின் நிறுவனம் 120,000 மைல்களையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. பொறுப்பை ஏற்காமல், "நல்லெண்ண அடிப்படையில், ஒரே ஒரு முறை" என்ற சொற்களோடு அந்தக் கடிதம் வந்தது. அந்தச் சொற்களுக்காக மீண்டும் சண்டையிட வேண்டியதில்லை. ஆனால் அதனுடன் இணைக்கப்பட்டிருந்த ஒப்புதல் படிவத்தில், இது முழுமையான இறுதித் தீர்வு என்று ஒரு வரி இருந்தது. கையொப்பமிட்டால் அதற்கு மேல் எதையும் கேட்க முடியாது. முதல் வரைவில் காலாவதி நீட்டிப்பைப் பற்றி எதுவும் இல்லாததால், கையொப்பமிடாமல், 18,000 மைல்களைப் பற்றி மட்டும் நினைவூட்டித் திருப்பி அனுப்பினார். ஆறு மாத நீட்டிப்பைச் சேர்த்துப் புதிய படிவம் வந்தபின்தான் கையொப்பமிட்டார்.

பழைய உறுப்பினர் எண் நிரந்தரமாக மூடப்பட்டு, புதிய எண் கொடுக்கப்பட்டது. இந்த இடத்தில் மைல்கள் மீண்டும் தொலைவதற்கு வழி இருக்கிறது. அவருடைய வங்கி, அட்டைப் புள்ளிகளை மாதந்தோறும் தானாகவே பழைய எண்ணுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. ஏற்கனவே எடுத்து வைத்திருந்த இரண்டு ஜகார்த்தா டிக்கெட்டுகளிலும் பழைய எண்ணே இருந்தது. மூடிய எண்ணுக்குப் போகும் மைல்கள் எங்கும் சேராமல் நின்றுவிடும். வங்கியில் எண்ணை மாற்றச் சொல்லி எழுத்தில் உறுதி பெற்றார். டிக்கெட்டுகளின் எண்ணை நான் முன்பதிவு அமைப்பில் மாற்றிக் கொடுத்தேன். திருட்டு நடந்த மாதத்திலிருந்து பழைய எண்ணுக்குச் சென்ற புள்ளிகளின் பட்டியலை வங்கியிடம் பெற்று, அவற்றையும் புதிய கணக்கில் சேர்க்கும்படி அதே புகார் எண்ணின் கீழ் அவர் எழுதியிருக்கிறார்.